ஒரே பரிந்துரை, இரண்டு குறிப்புகள்

1962 ஜூன் 7 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஹன்ட்ஸ்வில் நகரின் மார்ஷல் விண்பறப்பு மையத்தில் நாள் முழுக்க ஒரு கூட்டம் நடந்தது. நாசா தலைமையகத்திலிருந்து ஜோசப் ஷே வந்திருந்தார். நிலவுக்கு ஆளனுப்ப எந்த வழி சரி என்பதுதான் பேச்சு. மையத்தின் பொறியாளர்கள் தாங்கள் மாதக்கணக்கில் உழைத்துத் தயாரித்த வழியை மணிக்கணக்கில் விளக்கினார்கள். கடைசியில் மையத்தின் இயக்குநர் வெர்னர் ஃபான் பிரௌன் எழுந்து, எழுதிவைத்திருந்த தாள்களைப் படித்தார். அவர் பரிந்துரைத்தது தன் ஆட்கள் அன்று முழுக்க வாதாடிய வழியை அல்ல, அதற்குப் போட்டியாக நின்ற வழியை.

அதே வழியை ஏழு மாதங்களுக்கு முன்பே இன்னொருவர் எழுத்தில் பரிந்துரைத்திருந்தார். வர்ஜீனியாவில் லாங்லி ஆய்வு மையத்தில் வேலை பார்த்த ஜான் ஹூபோல்ட், 1961 நவம்பர் 15 அன்று, தனக்கு மேலிருந்த அதிகாரிகள் எல்லாரையும் தாண்டி, நாசாவின் இணை நிர்வாகி ராபர்ட் சீமன்ஸுக்கு ஒன்பது பக்கக் கடிதம் அனுப்பினார். இரண்டு ஆவணங்களும் ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரே விடைக்கு வருகின்றன. ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. பல வழிகளை அளவுகோல்களோடு ஒப்பிட்டு, ஒன்றைப் பரிந்துரைத்து, அதன் ஆபத்தையும் சொல்லும் முடிவுக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதைப் படிக்க, இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் வழிகள். பத்தாண்டு முடிவதற்குள் மனிதனை நிலவில் இறக்கிப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவது என்று கென்னடி 1961 மே 25 அன்று அறிவித்துவிட்டார். எப்படி என்பது அப்போது யாருக்கும் முடிவாகவில்லை.

பெரும்பாலோர் மனதில் முதலில் வந்தது நேரடி வழி. நோவா என்ற மாபெரும் ராக்கெட்டைக் கட்டி, ஒரே கலத்தை ஏவி, அதையே நிலவில் இறக்கி, அதிலேயே கிளம்பி வீடு வருவது. யோசிக்க எளியது. ஆனால் நிலவை நோக்கி ஏறக்குறைய 68 டன்னை எறிய வேண்டும் என்று கணக்கு சொன்னது. அப்போது வடிவமைப்பில் இருந்த சாட்டர்ன் சி-5 (பின்னாளில் சாட்டர்ன் 5 என்று உலகம் அறிந்தது) எறிவதாகத் திட்டமிட்டது 41 டன்.

இரண்டாவது வழி, பூமியின் சுற்றுப்பாதையில் சந்திப்பது. இரண்டு சி-5 ராக்கெட்டுகளை அடுத்தடுத்து ஏவ வேண்டும். ஒன்றில் கலம், மற்றதில் திரவ ஆக்சிஜன் நிரம்பிய தொட்டி. மேலே இரண்டும் சேர்ந்து, ஆக்சிஜனை நிரப்பிக்கொண்டு, அங்கிருந்து நிலவுக்குப் புறப்படுவது. நிலவில் இறங்குவது நேரடி வழியைப் போலவே முழுக் கலமும்தான். மார்ஷல் மையம் பிடித்துவைத்திருந்தது இதைத்தான்.

மூன்றாவது, நிலவின் சுற்றுப்பாதையில் சந்திப்பது. ஒரே சி-5 போதும். வீடு திரும்பும் தாய்க்கலம் ஒருவரோடு நிலவைச் சுற்றிக்கொண்டே இருக்கும். சிறிய இறங்குகலம் ஒன்று மட்டும் இருவரை ஏற்றிக்கொண்டு கீழே போய், மேலே வந்து, தாய்க்கலத்தைப் பிடிக்கும். பிறகு அந்தச் சிறு கலம் கைவிடப்படும். முதலில் கேட்டவர்கள் பலரும் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். பூமியிலிருந்து 3,80,000 கிலோமீட்டர் தொலைவில் இரண்டு கலங்கள் ஒன்றையொன்று தேடிப் பிடிக்க வேண்டும். பூமிக்கு மேலேயே அப்படி ஒரு சந்திப்பு அதுவரை நடந்ததில்லை.

இந்த மூன்றாவது வழியின் பலம் ஒரு சிறு கணக்கில் இருக்கிறது. அது புரிந்தால் மற்றவை எல்லாம் புரியும். நிலவின் சுற்றுப்பாதையிலிருந்து தரைக்கு இறங்க நொடிக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர் வேகத்தைக் குறைக்க வேண்டும். காற்று இல்லாததால் பாராசூட் உதவாது. முழுவதையும் எஞ்சின்தான் செய்ய வேண்டும். திரும்பி ஏற இன்னொரு 1.85 கிலோமீட்டர். குளிரூட்டாமல் தொட்டியில் வைத்திருக்கக்கூடிய எரிபொருள்களின் வெளியேற்ற வேகம் நொடிக்குச் சுமார் 3.05 கிலோமீட்டர். ராக்கெட் சமன்பாட்டில் இட்டால்:

```
m0 / m1 = e^(3.85 / 3.05) ≈ 3.5
```

தரைக்குப் போய்ச் சுற்றுப்பாதைக்கு மீளும் ஒவ்வொரு கிலோவுக்கும், கிளம்பும்போது மூன்றரை கிலோ இருந்தாக வேண்டும். அதாவது இரண்டரை கிலோ எரிபொருள். வீரர்கள் பூமிக்குத் திரும்பும் கூம்புவடிவக் கலத்தின் எடை ஏறக்குறைய 5.6 டன். அதில் கனத்த வெப்பக் கவசம் இருக்கிறது, பாராசூட்டுகள் இருக்கின்றன. இவற்றில் எதற்கும் நிலவின் தரையில் வேலை இல்லை. ஆனாலும் நேரடி வழியிலும் இரண்டாவது வழியிலும் அவற்றைக் கீழே கொண்டுபோய் மேலே தூக்கிவர வேண்டும். அந்தக் கலத்துக்கு மட்டுமே 14 டன் எரிபொருள் ஆகும். பின்னாளில் பறந்த இறங்குகலம், எரிபொருளும் ஆட்களும் உட்பட மொத்தமாகவே 15 டன்தான். அந்தக் கலத்தைச் சும்மா கீழே இறக்கி ஏற்றும் செலவில் ஏறக்குறைய ஒரு முழு இறங்குகலத்தையே தனியாகப் பறக்கவிட்டுவிடலாம். வீடு திரும்பத் தேவையான எரிபொருளையும் இதே போலக் கீழே சுமந்துசெல்ல வேண்டியிருந்திருக்கும். அதைச் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. திரவ ஹைட்ரஜனை எரித்து இறங்கினால் இந்த எண் கொஞ்சம் குறையும், ஆனால் கணக்கின் முகம் மாறாது.

ஹூபோல்டின் கடிதம் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. லாங்லியில் அவரும் சக பொறியாளர்களும் தயாரித்த அறிக்கை அதற்குத் துணை. கடிதம் தொடங்கும் விதம் வேறு. பாலைவனத்தில் தனியாகக் குரல் கொடுப்பவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். மேலதிகாரிகளைத் தாண்டி எழுதுவது முறையல்ல என்பது தனக்குத் தெரியும் என்கிறார். பிறகு குறைகள் வருகின்றன. ஆய்வுக் குழுக்கள் அமைக்கப்படும்போதே விதிகள் இந்த வழியை வெளியே தள்ளும்படி எழுதப்பட்டன. நோவா போன்ற பூதாகரமான ராக்கெட்டை எல்லாரும் கேள்வி இல்லாமல் ஏற்கிறார்கள், எளிமையான சந்திப்பு வழி மட்டும் ஏன் ஒவ்வொரு முறையும் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது என்று கேட்கிறார். நமக்கு நிலவுக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்று நேராகவே கேட்டுவிடுகிறார்.

இந்தக் குமுறலில் ஒரு கூர்மையான அவதானிப்பு இருக்கிறது, அதற்காகவே நான் இந்தக் கடிதத்தை மதிக்கிறேன். ஒப்பீட்டில் எது வெல்லும் என்பதைப் பெரும்பாலும் மதிப்பெண்கள் தீர்மானிப்பதில்லை. ஒப்பீடு தொடங்கும் முன்பே யாரோ எழுதிய நிபந்தனைகள் தீர்மானித்துவிடுகின்றன. நிலவில் இறங்கும் கலம்தான் பூமிக்கும் திரும்பும் என்று ஒரு குழுவின் விதியில் எழுதிவிட்டால், மூன்றாவது வழி அட்டவணைக்குள்ளேயே நுழையாது. நுழையாத ஒன்று தோற்றதாகவும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஹூபோல்ட் முதலில் உடைத்தது இந்தப் பூட்டைத்தான்.

கடிதத்தின் பலவீனமும் கணக்கில்தான் இருந்தது. லாங்லி முன்வைத்த இறங்குகல வடிவங்களில் மேல்மூடி கூட இல்லாத, வீரர்கள் விண்ணுடையிலேயே நின்று இறங்கும் சின்னஞ்சிறு கலமும் ஒன்று. எடைகளை இவ்வளவு குறைத்துக் காட்டினால் எந்த வழியும் வெல்லும் என்று அனுபவமுள்ள விண்கல வடிவமைப்பாளர்கள் எரிச்சலடைந்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. தன் வழியின் எண்களுக்கு மட்டும் இளகிய அளவுகோலும், போட்டி வழிகளுக்குக் கடுமையான அளவுகோலும் வைத்த ஒப்பீட்டை அதன் எதிரிகள் உடனே கண்டுகொள்வார்கள். அப்புறம் சரியான பகுதியையும் நம்ப மாட்டார்கள். சீமன்ஸ் அந்தத் தவறில் விழவில்லை. கடிதத்தின் தொனியை ஒதுக்கிவிட்டு, அது கேட்டதைச் செய்தார். மூன்றாவது வழியையும் மற்றவற்றுக்கு இணையாக ஆராயச் சொன்னார். கடிதம் வெற்றிகரமான முடிவுக் குறிப்பு அல்ல, ஆனால் முடிவுக் குறிப்பு ஒன்று எழுதப்படுவதற்கு அது வழி திறந்தது.

அடுத்த ஆறு மாதங்களில் நடந்தது நிதானமான வேலை. ஷே பொறுப்பேற்று, வழிகள் எல்லாவற்றையும் ஒரே அடிப்படையில் கணக்கிடச் செய்தார். விண்கலத்துக்குப் பொறுப்பான ஹூஸ்டன் மையம் 1962-இன் தொடக்கத்திலேயே மூன்றாவது வழிக்கு மாறிவிட்டது. அவர்களை மாற்றியது எடைக் கணக்கு மட்டும் அல்ல. முழுக் கலத்தையும் நிலவில் இறக்குவதாக இருந்தால் அது உயரமான ஒரு கோபுரம். உச்சியிலிருக்கும் வீரர்கள் மல்லாந்து படுத்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பாறைகள் மேல் அதை இறக்க வேண்டும். இதை எப்படிச் செய்வது என்பதற்கு அவர்களால் திருப்தியான விடை காண முடியவில்லை. காகிதத்தில் எளிமையாகத் தெரிந்த நேரடி வழியின் ஆபத்து அங்கே ஒளிந்திருந்தது. சந்திப்பின் ஆபத்து எல்லார் கண்ணிலும் பட்டது, இறங்குவதன் ஆபத்தோ வரைபடத்தோடு உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது.

இப்போது ஃபான் பிரௌனின் தாள்கள். முதல் வாக்கியங்களிலேயே அவர் செய்யும் காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆராயப்பட்ட எல்லா வழிகளும் நடக்கக்கூடியவைதான், போதிய பணமும் காலமும் இருந்தால் எதையும் செய்து முடிக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறார். எதிர்வழியை முட்டாள்தனம் என்று சொல்வதில்லை. அப்படியானால் கேள்வி எது முடியும் என்பதல்ல, எது பத்தாண்டுக்குள் முடியும் என்ற நம்பிக்கையை அதிகமாகத் தருகிறது என்பதாகிவிடுகிறது. கேள்வியைச் சரியாக வைத்தவுடன் அளவுகோல்களின் வரிசை தானாக அமைகிறது.

அடுத்து அவர் சொல்வது முடிவுக்கான நாள். வழி முடிவாகாததாலேயே காலம் வீணாகிறது, சில வாரங்களுக்குள், முடிந்தால் ஜூலை 1-க்குள் தீர்மானிக்க வேண்டும் என்கிறார். முடிவு எடுக்காமல் இருப்பதும் ஒரு தேர்வு, அதற்கும் ஒரு விலை உண்டு என்று தாளில் எழுதிவைக்கும் குறிப்புகள் அபூர்வம்.

அவருடைய அளவுகோல்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, இரண்டு வேலைகளைப் பிரித்தல். பூமிக்குத் திரும்பும் கலம் நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குள் பாய்ந்து, எரியாமல், சரியான இடத்துக்கு வளைந்து வர வேண்டும். அப்படி ஒரு கலத்தை வடிவமைப்பதே மிகக் கடினம். அதே கலம் நிலவிலும் இறங்க வேண்டும் என்றால், ஒரு வேலைக்காகச் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் மற்ற வேலையைக் குலைக்கும். இரண்டையும் பிரித்துவிட்டால் இறங்குகலம் காற்றைப் பற்றியே கவலைப்பட வேண்டாம். கால்கள் நீட்டிக்கொண்டிருக்கலாம், வடிவம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு குழுக்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்காமல் வேலை செய்யலாம். இந்தக் காரணத்தோடு ஒட்டியே இன்னொன்றையும் சொல்கிறார்: மையங்களுக்கு இடையிலான பொறுப்பு எல்லை இந்த வழியில்தான் தெளிவாக இருக்கிறது. ராக்கெட் வரைக்கும் ஹன்ட்ஸ்வில், அதற்கு மேல் ஹூஸ்டன். பூமிச் சந்திப்பில் தொட்டிக்கலம் யாருடையது, இணைப்பின்போது கட்டளை யார் தருவது என்று ஒவ்வொன்றிலும் இரண்டு மையங்கள் பின்னிக்கொள்ளும். பெரிய திட்டங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படி இரண்டு அலுவலகங்கள் சந்திக்கும் இடத்தில்தான். அதைத் தொழில்நுட்ப அளவுகோல்களுக்கு இணையாக எழுதிவைத்தது சரியான துணிச்சல்.

மற்ற வழிகளை ஏன் வேண்டாம் என்கிறார் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பூமிச் சந்திப்பு முடியும், ஆனால் இரண்டு ஏவுதல்கள் அடுத்தடுத்து தவறாமல் நடக்க வேண்டும். முதலாவது மேலே காத்திருக்கையில் இரண்டாவது தரையில் சிக்கிக்கொண்டால் பயணமே போய்விடும். சி-5 ஒன்றையே வைத்து நேரடியாகப் போவதற்கு எடையில் இடைவெளி மிகக் குறைவு. நோவாவுக்கு முதல் அடுக்கில் சி-5-இன் ஐந்துக்குப் பதிலாக எட்டு எஃப்-1 எஞ்சின்கள் வேண்டும். அதற்காகக் கையிலிருக்கும் சி-5-ஐ விட்டுவிட்டு அதைவிடப் பெரியதற்குத் தாவுவது இப்போது தவறு, நோவா பின்னால் வரட்டும் என்கிறார்.

இவற்றுக்கு நடுவே அவர் தன் மையத்தின் முந்தைய ஐயத்தையும் மறைக்காமல் சொல்கிறார். இந்த யோசனையை முதலில் கேட்டபோது, மீட்பு என்ற பேச்சுக்கே இடமில்லாத தொலைவில் சிக்கலான சந்திப்பு நடக்க வேண்டும் என்பதால் நாங்களும் நம்பவில்லை என்கிறார். ஹூஸ்டன்காரர்களும் முதலில் நம்பவில்லை, தங்கள் யோசனை இல்லை என்பதற்காக யாரும் எதையும் ஒதுக்கவில்லை, மூன்றாம் இடத்திலிருந்து வந்த யோசனையை இரண்டு மையங்களும் ஏற்றிருக்கின்றன என்கிறார். அந்த மூன்றாம் இடம் லாங்லி. ஹூபோல்டின் கடிதத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான். ஹூபோல்ட் தன் வழி ஜெயிக்க வேண்டும் என்று எழுதினார். ஃபான் பிரௌன் தன் மையத்துக்கு வந்திருக்கக்கூடிய வேலை கை நழுவுவதைத் தெரிந்தே எழுதினார். பூமிச் சந்திப்பில் தொட்டிக்கலமும் சுற்றுப்பாதை வேலைகளும் மார்ஷலுக்கே வந்திருக்கும். பரிந்துரைப்பவர் இழப்பது என்ன என்பது தெரிந்தால், கேட்பவர் அந்தப் பரிந்துரையை எடைபோடும் விதமே மாறுகிறது.

ஆனால் அவர் வெறுங்கையோடு போகவில்லை. பரிந்துரையின் இன்னொரு பாதியாக, ஆளில்லாத, திரும்பி வராத சரக்குக்கலம் ஒன்றை சி-5-இல் ஏற்றி நிலவுக்கு அனுப்பும் திட்டத்தையும் உடனே தொடங்க வேண்டும் என்று எழுதினார். மார்ஷலுக்கான ஈடு அது என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் அதில் மெய்யான தொழில்நுட்பத் தேவையும் இருந்தது. சிறிய இறங்குகலத்தின் விலை அதுதான்: இரண்டு பேர், கொஞ்சம் சாமான், குறைந்த நேரம். நிலவில் நீண்ட நாள் தங்கி வேலை செய்ய வேண்டுமென்றால் சாமான் தனியாக வந்தாக வேண்டும்.

இனி ஆபத்துகள். இந்தப் பரிந்துரையில் மூன்று ஆபத்துகள் இருந்தன. அவற்றை இரண்டு ஆவணங்களும் எப்படிக் கையாண்டன என்பதில்தான் அவற்றின் தரம் தெரிகிறது.

முதலாவது, சந்திப்பு. இதை அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசகர் ஜெரோம் வீஸ்னர் கடைசிவரை எதிர்த்தார். 1962 செப்டம்பர் 11 அன்று கென்னடி ஹன்ட்ஸ்வில்லுக்கு வந்தபோது, அவர் கண்முன்னேயே வீஸ்னரும் நாசாவினரும் வாக்குவாதம் செய்தார்கள். பூமிக்கு மேலே சந்திப்பு தவறினால் வீரர்கள் இறங்கி வீட்டுக்கு வந்துவிடலாம், நிலவில் தவறினால் இருவர் அங்கேயே மடிவார்கள் என்ற வாதத்தை யாரும் பொய்யென்று சொல்ல முடியாது. அதற்கு நேர்மையான பதில், ஆபத்து கூடவில்லை, இடம் மாறுகிறது என்பதுதான். பூமிச் சந்திப்பில் முதல் கட்டம் பாதுகாப்பானது, ஆனால் பிறகு அந்தக் கோபுரத்தை நிலவில் இறக்கியாக வேண்டும். நிலவுச் சந்திப்பில் இறங்குவது எளிது, மேலே வந்து சேர்வது கடினம். சேர்வதைப் பூமிக்கு அருகில் வேண்டிய அளவு ஒத்திகை பார்க்கலாம். நிலவில் கோபுரத்தை இறக்குவதைப் பூமியில் ஒத்திகை பார்க்க வழியே இல்லை. ஒத்திகைக்கு இடம் தரும் ஆபத்தும் தராத ஆபத்தும் ஒரே எடை அல்ல. ஜெமினி திட்டம் அந்த ஒத்திகைக்காகவே ஏற்கெனவே தொடங்கியிருந்தது. முடிவு எடுத்தபோது ஒரு சந்திப்பும் நடந்திருக்கவில்லை. 1965 டிசம்பரில் ஜெமினி 6-ஏ, ஜெமினி 7 கலங்கள் அதைச் செய்து காட்டின. 1966 மார்ச்சில் ஜெமினி 8 முதல் இணைப்பைச் செய்தது. செய்த கொஞ்ச நேரத்தில் ஒரு சிறு உந்தி அணையாமல் எரிந்துகொண்டே இருந்ததால் கலம் கட்டுப்பாடின்றிச் சுழன்றது, பயணத்தை அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது. ஆபத்து கற்பனை அல்ல என்பதும், பூமிக்கு அருகில் தவறினால் வீடு திரும்பலாம் என்ற வீஸ்னரின் வாதம் மெய் என்பதும் ஒரே நாளில் தெரிந்தன.

இரண்டாவது, எடை. ஃபான் பிரௌன் இதை எழுத்தில் பார்த்திருந்தார். எடையில் வசதியான இடைவெளி இருக்கிறது என்று சொன்னதோடு, அது குறைந்தால் என்ன செய்யலாம் என்றும் சேர்த்தார்: அதிக ஆற்றலுள்ள எரிபொருளுக்கு மாறும் மாற்றுத் திட்டம், எஃப்-1, ஜே-2 எஞ்சின்களின் விசையைக் கூட்டுவது. நடந்தது அவர் அஞ்சிய திசையில்தான். தொடக்கத்தில் சுமார் 10 டன் என்று நினைத்த இறங்குகலம் ஆண்டுக்கு ஆண்டு கனத்தது. கட்டிய கிரம்மன் நிறுவனம் இருக்கைகளை எடுத்துவிட்டு வீரர்களை நிற்கவைத்தது, ஐந்து கால்களை நான்காக்கியது, 1965-இல் கிராம் கிராமாகச் சுரண்டும் தனி இயக்கமே நடத்தியது. சில இடங்களில் சுவர் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே தடிமன். அப்படியும் முதலில் இறங்கிய கலம் 15 டன். கடைசிப் பயணங்களில் 16 டன்னைத் தாண்டியது. எஞ்சின்கள் மேம்பட்டதால் சாட்டர்ன் 5 எறியும் எடையும் 41 டன்னிலிருந்து 46 டன்னுக்கு மேல் ஏறியிருந்தது, அதனால் தப்பித்தார்கள். இந்த இடத்தில் ஃபான் பிரௌனின் குறிப்பில் எனக்கு ஒரு குறை உண்டு. இடைவெளி குறைந்தால் என்ன செய்வது என்று எழுதினார், எத்தனை டன்னுக்கு வந்தால் அதைத் தொடங்குவது என்று எழுதவில்லை. இறங்குகலம் 13 டன்னைத் தொட்டால் மாற்று எரிபொருள் வேலை தொடங்க வேண்டும், சந்திப்பு இந்த ஆண்டுக்குள் நடக்காவிட்டால் வழியை மறுபடி ஆராய வேண்டும் என்று எல்லைக்கோடுகள் இருந்திருந்தால், ஆபத்து நெருங்குவதை அடுத்தவர்களும் அளந்து பார்த்திருக்க முடியும். ஹூபோல்டின் கடிதத்தில் எடைக்குப் பின்வாங்கும் வழியே இல்லை, நம்பிக்கைதான் இருந்தது.

மூன்றாவது ஆபத்து அமைதியானது, அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை: பரிந்துரையில் பாதி மட்டும் நிறைவேறுவது. 1962 ஜூலை 11 அன்று நாசா மூன்றாவது வழியை அறிவித்தது. வீஸ்னரின் எதிர்ப்பு இருந்தும் முடிவை நாசாவின் தலைவர் ஜேம்ஸ் வெப்பிடமே கென்னடி விட்டார். நவம்பர் 7 அன்று இறங்குகல ஒப்பந்தம் கிரம்மனுக்கு என்று அறிவித்தார்கள். சரக்குக்கலம் கட்டப்படவே இல்லை. பரிந்துரைகளில் அவசரமான பாதிக்குப் பணம் கிடைக்கும், அதை ஈடுசெய்ய வேண்டிய பாதி பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போகும். குறிப்பு எழுதுபவர் இரண்டையும் பிரிக்க முடியாதபடி கட்டியிருக்க வேண்டும். முதல் பாதியை மட்டும் செய்தால் கிடைப்பது என்ன, கிடைக்காதது என்ன என்று ஒரு பத்தி இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லாததால், 75 மணி நேரத்துக்கு மேல் யாரும் நிலவில் தங்கவில்லை. பூமியின் சுற்றுப்பாதையில் எரிபொருள் நிரப்பும் தொழிலை அப்போதே கற்றிருந்தால் பின்னாளில் என்னென்ன உதவியிருக்கும் என்பதும் அட்டவணையில் ஓர் அளவுகோலாக ஏறவில்லை. பத்தாண்டுக்குள் என்ற ஒற்றைக் கெடு அதை வெளியே வைத்தது. கெடு சரியா தவறா என்று கேட்க ஃபான் பிரௌனுக்கு அதிகாரம் இல்லை, ஆனால் அது எதை விலையாகக் கேட்கிறது என்று எழுத அதிகாரம் இருந்தது.

1970 ஏப்ரலில் அப்பல்லோ 13-இன் தாய்க்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, மூன்று வீரர்களையும் காப்பாற்றியது கூடவே சென்ற இறங்குகலம்தான். இதைக் காட்டி 1962-இன் முடிவைப் பலர் புகழ்கிறார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். அந்த முடிவு அதற்காக எடுக்கப்பட்டதல்ல. ஒரு முடிவை அது எடுக்கப்பட்ட நாளில் கையிலிருந்த தகவலை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். அந்த அளவிலேயே அது நல்ல முடிவு. வெப்பக் கவசத்தைக் கீழே கொண்டுபோகாதே என்ற கணக்கும், இரண்டு வேலைகளைப் பிரி என்ற பொறியியலும் அன்றே சரியாக இருந்தன.

அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. 2020 டிசம்பரில் நிலவிலிருந்து மண் கொண்டுவந்த சீனாவின் சாங்-இ 5, ஆளில்லாமலேயே நிலவின் சுற்றுப்பாதையில் சந்தித்தது. 2024 செப்டம்பரில் இந்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த சந்திரயான்-4 திட்டமும் நிலவின் மண்ணை எடுத்துவரவே. எல்விஎம்-3 ராக்கெட் ஒரே தடவையில் அத்தனை எடையை எறியாது. ஆகவே இரண்டு ஏவுதல்கள், பூமியின் சுற்றுப்பாதையில் ஓர் இணைப்பு, பிறகு நிலவின் சுற்றுப்பாதையில் இன்னொரு இணைப்பு என்று திட்டமிட்டிருக்கிறார்கள். 1962-இல் ஒன்றுக்கொன்று எதிராக நின்ற இரண்டு வழிகளையும் இஸ்ரோ சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறது. இங்கே உயிர் ஆபத்து இல்லை, கையிலிருக்கும் ராக்கெட்டின் அளவுதான் எல்லை. விண்ணில் இணைக்கும் திறமையைக் கற்றுக்கொள்வதே திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. அந்தத் திறமையின் முதல் படியை இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் கலங்கள் 2025 ஜனவரி 16 அன்று பூமிக்கு மேலே இணைந்து ஏறிக் காட்டின.